நெற்றி திருத்தித் தரப்படும்

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் இப்போதெல்லாம் செத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஜாடையாகத்தான் சாகிறார்கள். திண்டிவனத்திலிருந்து வந்து பஸ்ஸைவிட்டு இறங்கி, மயிலம் போகிற முனையில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பாருங்கள். எழுபது வருஷம் மணிலாக் கொல்லையில் வெயில் தின்ற முகம், சோப்பு விளம்பரத்துக்கு வந்ததுபோலப் பளபளக்கும். நடு நெற்றியில் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு. அந்த அம்மா உயிரோடு இருந்தவரை அப்படி ஒரு பொட்டு வைத்தாரா என்று யாரும் கேட்பதில்லை. துக்க வீட்டில் அதையெல்லாம் கேட்கக் கூடாதாம்.

கேட்டே தீரவேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் இது நெற்றியைப் பார்த்து ஆளைச் சொல்லும் ஊர். மயிலம் முருகன் கோயிலைப் பார்த்துக்கொள்வது பொம்மபுர ஆதீனம், அது வீரசைவ மடம். அந்தப் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. திண்டிவனத்தில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கு வரும் முஸ்லிம் அம்மாக்கள் உண்டு. வெறும் நெற்றியோடு சர்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு. கடவுளே வேண்டாம் என்று சட்டைப்பையில் பேனாவோடு மட்டும் திரிகிற பெரியவர்களும் உண்டு. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டுப் படி ஏறிய பரம்பரை நாம். அப்பேர்ப்பட்ட தேசத்தில், யானைக்குக் கிடைத்த மரியாதை செத்துப்போன ஆயாவுக்குக் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு பழைய போட்டோவைக் கொடுத்து, இதே ஆளைப் புதுசாக, பட்டுப் புடவையில், பெரிய சைஸில் வரைந்து கொடு என்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். முகம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. நெற்றியும் தலையும் வருவதில்லை. பொட்டு காணாமல் போகிறது, அல்லது இல்லாத பொட்டு முளைக்கிறது. துண்டுக் கட்டு ராஜஸ்தான் தலைப்பாகை ஆகிறது. முக்காடு தோளுக்கு நழுவி ஃபேஷன் துப்பட்டா ஆகிறது. கேட்டால் "சிஸ்டம் மிஸ்டேக் சார்" என்கிறார்கள். மிஸ்டேக் என்றால் எப்போதாவது நடக்க வேண்டும். இது அந்த யந்திரம் படித்த படிப்பு.

படிப்பைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு வாத்தியார்கள். முதல் வாத்தியார் முகத்தை அடையாளம் காண்கிறவர். ஆர்க்ஃபேஸ் என்கிற வகையைச் சேர்ந்தவர். போட்டோவில் கண், மூக்கு, வாய் முனைகளைப் பிடித்து, முகத்தை நேராக்கி, 112-க்கு 112 புள்ளி கொண்ட ஒரு சின்னச் சதுரமாக வெட்டி எடுக்கிறார். அதை 512 எண்களாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறார். இனி அந்த ஆள் என்றால் அவருக்கு அந்த 512 எண்கள்தான். வெட்டு நெற்றியிலேயே விழுந்துவிடுவதால் தலைப்பாகை பெரும்பாலும் அந்தச் சதுரத்துக்குள்ளேயே வருவதில்லை. உள்ளே வருகிற பொட்டுக்கும் மதிப்பில்லை. ஒரே ஆள் தொப்பி போட்டாலும் கழற்றினாலும், மை வைத்தாலும் அழித்தாலும் அதே எண்கள் வரவேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்த பயிற்சி. போலீஸ் வேலைக்கு அது நல்ல பயிற்சி. நம்முடைய அஞ்சலி பேனருக்கு, நெற்றியில் இருப்பதைத் தள்ளிவிடத் தெரிந்தவரையே நெற்றி வரையக் கூப்பிட்ட கதை.

இரண்டாம் வாத்தியார் எழுத்தைப் படித்துப் படம் போடுகிறவர். இவர் தலைகீழ். இந்தியா என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கையில் தலைப்பாகையோடு ஓடி வருவார். 2023-இல் ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் இதழ், மிட்ஜர்னி மென்பொருளிடம் "இந்தியர் ஒருவர்" என்று கேட்டு நூறு படங்களை எண்ணிப் பார்த்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களில் தாடி வைத்த கிழவர்கள், தலையில் பாகையோடு. 2024 மே மாதம் டெக்கிரஞ்ச் அதே கேள்வியை மெட்டாவின் ஏஐயிடம் கேட்டது. டாக்டரென்றாலும் ஆசிரியரென்றாலும் இந்திய ஆண் என்றால் பெரும்பாலும் தலைப்பாகை. 2011 கணக்கெடுப்பின்படி சீக்கியர்கள் நம் மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. சீக்கியருக்காவது அது நியாயம் செய்ததா என்றால் அதுவும் இல்லை. தஸ்தார் என்பது ஐந்து ஆறு மீட்டர் துணியை மடிப்பு மடிப்பாக ஏற்றிக் கட்டுவது. கட்டியவரின் கை தெரியும். யந்திரம் போடுவது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு துணிப்பந்து. பெண் என்றால் அதே சுறுசுறுப்பில் பொட்டு.

ஆக, முகத்தைக் கொடுத்தால் துடைக்கிற ஒருவர், எழுத்தைக் கொடுத்தால் ஒட்டுகிற ஒருவர். இருவரும் சேர்ந்து ஒரே படத்தைப் போடுகிறார்கள். உங்கள் ஆயாவின் பொட்டு போய், யாரோ ஒருத்தியின் பொட்டு வருவது இப்படித்தான்.

போட்டோவைத் தெளிவாக்குகிற இன்னொரு ரகம் இருக்கிறது. மங்கின முகத்தைக் கூர்மையாக்குவது. அந்த மென்பொருள்களில் பல, எஃப்.எஃப்.ஹெச்.க்யூ என்ற 70,000 முகத் தொகுப்பைப் பார்த்துப் பழகியவை. எல்லாம் ஃப்ளிக்கர் தளத்தில் வெள்ளைக்காரர்களும் மற்றவர்களும் ஏற்றிய படங்கள். அதில் திருநீற்றுப் பட்டையை எங்கே போய்ப் பார்த்திருக்கும்? நெற்றியில் வெள்ளையாக எதைக் கண்டாலும் வெளிச்சம் பட்ட இடம் என்று நினைத்து வழித்துவிடும். குங்குமம் மங்கியிருந்தால் மச்சம் ஆக்கும், இல்லாவிட்டால் காயத் தழும்பு ஆக்கும். தென்கலை நாமத்துக்கு மூக்குத்தண்டின் மேல் ஒரு பாதம் இறங்கும். சுத்தமான மூக்கை வரையப் பழகிய மென்பொருள் அந்தப் பாதத்தை நறுக்கிவிட்டால் மேலே நிற்பது வடகலை நாமம். இருநூறு வருஷச் சண்டையை ஒரு பொத்தானில் தீர்த்துவைத்துவிட்டது, ராஜி போட்டது யாரென்று தெரியாமலே.

முகத்தைப் பாகம் பாகமாகப் பிரிக்கிற மென்பொருள்களின் கதை இதைவிடப் பெரிய அவமானம். அவற்றுக்குப் பாடப்புத்தகம், செலப்ஏமாஸ்க் என்ற தொகுப்பு. 30,000 படங்கள். முகத்தை 19 வகையாகப் பிரித்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள். தோல், புருவம், கண், கண்ணாடி, காது, கம்மல், மூக்கு, உதடு, கழுத்து, கழுத்துச் சங்கிலி, துணி, முடி, தொப்பி என்று போகிறது. கம்மலுக்கு இடம் உண்டு. பொட்டுக்கு இல்லை. அது தோலோடு தோலாகிவிட வேண்டியதுதான். தஸ்தாருக்கும் முக்காட்டுக்கும் கன்னியாஸ்திரி அம்மாவின் தலைத்துணிக்கும் நம் ஊர் முண்டாசுக்கும் கிடைக்கிற அதிகபட்ச மரியாதை தொப்பி. கோடிக்கணக்கான நெற்றிகளுக்கு ஒரு தனிப் பெயர் எழுத அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஒரு ஆயாவைப் பார்ப்போம். ஊர் பேர் வேண்டாம், ரெட்டணைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷன் போய் முப்பது வருஷம். அன்றைக்கு நிறுத்திய குங்குமத்தை மறுபடி வைக்கவில்லை. தினம் மூன்று விரலால் திருநீறு. வீட்டில் இருந்த ஒரே நல்ல படம் பேத்தி காதுகுத்தில் எடுத்தது, கும்பலுக்கு நடுவில் நிற்கிறார். பேரன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கடைத் தம்பி கும்பலை வெட்டிவிட்டு மென்பொருளில் ஏற்றி, கீழே இருக்கிற பெட்டியில் இதை அடித்தான்:

```
beautiful traditional south indian old woman, silk saree, temple jewellery, 4k
```

அவன் மேல் தப்பில்லை, யூடியூபில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வரியில் இருக்கிற "ட்ரெடிஷனல்" என்ற ஒரு சொல் போதும். அதைக் கேட்டதும் இரண்டாம் வாத்தியார் குங்குமப் பரணியோடு புறப்பட்டுவிட்டார். பேனர் வந்தது. பட்டுப் புடவை, நெற்றிச்சுட்டி, வகிட்டில் குங்குமம், நடு நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. திருநீறு போன இடம் தெரியவில்லை. பேரன் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்.

"இது எங்க ஆயா இல்லண்ணா."

"நல்லாத்தானே தம்பி இருக்கு, லட்சுமி மாதிரி!"

இங்கே ஒரு முற்போக்குக்காரர் எழுந்து, கைம்பெண்ணுக்குப் பொட்டு வைத்ததில் என்ன தப்பு, அது புரட்சி அல்லவா என்று கேட்பார். வைக்கட்டும். அந்த அம்மா வைத்துக்கொண்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். வைக்கவா என்று கேட்க உயிரோடு ஆள் இல்லாதபோது, கலிபோர்னியாவில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் குங்குமம் இட்டுவிடுவதற்குப் பெயர் விதவை மறுவாழ்வு இல்லை.

திருநீறு எங்கே போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படம் 1024 புள்ளி அகலம். இடுப்பு வரை ஆள் தெரிகிறது என்றால் முகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 200 புள்ளி. முகத்தின் அகலம் 14 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு 14 புள்ளி. விரலால் இட்ட ஒரு பட்டை எட்டு மில்லிமீட்டர், அதாவது 11 புள்ளி. இரண்டு பட்டைக்கு நடுவில் இருக்கிற சந்து மூன்று மில்லிமீட்டர், நான்கு புள்ளி. பல மென்பொருள்கள் படத்தை அப்படியே கையாள்வதில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளியை ஒரு கட்டமாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் வேலை செய்து, பிறகு விரிக்கின்றன. நான்கு புள்ளிச் சந்து வெறும் அரைக் கட்டம்தான். விரிக்கும்போது யூகத்தில்தான் வரையும். அப்போது மூன்று பட்டை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டாகும், அந்தத் திட்டு அடுத்த கட்டத்தில் வெளிச்சமாகும், வெளிச்சம் தோலாகும். நான்கு மில்லிமீட்டர் சாந்துப் பொட்டுக்கு ஆறு புள்ளிதான், அதற்கும் அதே கதி. ஆளை முழு உயரத்துக்கு நிறுத்தினால் முகம் நூறு புள்ளிக்கு இறங்கிவிடும், எல்லாம் இன்னும் பாதி. மதச் சின்னத்தை அழிக்க யாரும் சதி செய்யத் தேவையே இல்லை. படத்தைச் சின்னதாக்கினால் போதும்.

கும்பல் படம் என்றால் கூத்து இன்னும் பெரிது. ஐந்து பெண்கள் நிற்கிற குடும்பப் படத்தில் நான்கு பேர் பொட்டு வைத்திருந்தால் ஐந்தாவது அம்மாவுக்கும் வைத்துவிடும். அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முழங்காலிடப் போகிறவராக இருக்கலாம். யந்திரத்துக்கு வெறும் நெற்றி என்றால் நிரப்ப மறந்த இடம். வெறும் நெற்றியும் ஒரு அடையாளம் என்பதை இந்த நாட்டில் மனிதர்களுக்கே சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, அதற்கு எப்படிச் சொல்வது? முக்காட்டின் கதை இன்னும் நுணுக்கம். முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்ட அம்மாவின் படத்தைக் கொடுத்தால், ஒன்று அரபு நாட்டு ஹிஜாபாக இறுக்கிக் கட்டிவிடும், இல்லாவிட்டால் காதோரம் நாலு முடியை வெளியே இழுத்துவிட்டு அழகுபடுத்தும். ஆயுசு முழுக்க அந்நியர் முன்னால் முடி காட்டாத பெண்ணுக்கு, நாற்சந்தியில், பத்தடி உயரத்தில்.

யந்திரத்தை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அது மனிதர்களைக் காப்பாற்றுகிற வேலை ஆகிவிடும். ஒரிஜினல் படத்தை எடுத்து நெற்றியை மாற்றுகிற தொழிலில் நாம் யந்திரத்துக்கு சீனியர். வள்ளுவருக்கு ஒரு படம் இருக்கிறது. கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது, 1964-இல் சட்டமன்றத்தில் திறந்தார்கள், அரசு ஏற்றுக்கொண்ட படம். வெள்ளை உடை, நெற்றியில் எந்தச் சின்னமும் கிடையாது. எந்த மதத்துக்காரரும் தமக்கென்று பிடுங்கிக்கொள்ள வழி வைக்காத நெற்றி. 2019 நவம்பரில் தமிழக பாரதிய ஜனதா கட்சி அந்த வள்ளுவருக்குக் காவி உடுத்தி, திருநீறு பூசிப் படம் போட்டது. 2024 ஜனவரி, திருவள்ளுவர் தினத்தன்று ஆளுநர் ஆர். என். ரவியின் வாழ்த்திலும் காவி வள்ளுவர்தான் வந்தார். 2022 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சி ஒட்டிய சுவரொட்டியில் அம்பேத்கருக்குக் காவிச் சட்டை, நெற்றியில் பட்டை, நடுவில் குங்குமம். லட்சக்கணக்கான பேரோடு நாக்பூரில் பௌத்தம் தழுவிய மனிதருக்கு. 2019-இல் ப்ளஸ் டூ தமிழ்ப் புத்தக அட்டையில் பாரதியின் முண்டாசு காவியாகிப் போனது ஆட்சியில் இருந்த அரசின் கைங்கரியம். இதற்கெல்லாம் 512 எண்ணும் தேவைப்படவில்லை, எட்டுப் புள்ளிக் கட்டமும் தேவைப்படவில்லை. வண்ண டப்பாவும் வன்மமும் போதுமாக இருந்தன.

யந்திரம் வந்ததில் இவர்களுக்கு ஒரே ஒரு சௌகரியம் கூடியிருக்கிறது. அன்றைக்குக் கேட்டால் "அவர் உண்மையில் அப்படித்தான் இருந்தார்" என்று வாதாட வேண்டியிருந்தது. இனி "ஏஐ அப்படிக் கொடுத்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பக்கத்து மாவட்டத்து வடலூர் வள்ளலாரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வெள்ளைத் துணியால் தலையை மூடிய உருவம் அவருடையது. கேமராவில் அவர் விழவே இல்லை, துணி மட்டும்தான் விழுந்தது என்று அன்பர்கள் சொல்வார்கள். அவருக்கும் இப்போது கண்ணிமை வரை எண்ணி வரைந்து, வாய் அசைத்துப் பேச வைத்துவிட்டார்கள்.

சரி, ஆயாவின் பேனருக்கு வருவோம். பேரன் விடவில்லை. கடைத் தம்பியும் நல்ல பையன்தான், இரண்டாம் முறை ஒழுங்காக உட்கார்ந்தான். முதலில் வாட்ஸ்அப் படத்தைத் தூக்கிப்போட்டு, வீட்டிலிருந்து அச்சுப் படத்தையே வாங்கி, நெற்றி தெளிவாகத் தெரியும்படி பெரிதாக ஸ்கேன் செய்தான். முகத்தை மட்டும் தனியாக வெட்டி, அதையே 1024 அகலத்துக்குக் கொண்டுவந்தான். இப்போது திருநீற்றின் சந்துக்கு நான்கு புள்ளிக்குப் பதில் ஏறக்குறைய இருபது புள்ளி கிடைத்தது. பெட்டியில் "ட்ரெடிஷனல்" போயிற்று, நகை போயிற்று. இருப்பதை இருக்கிறபடி எழுதினான்: நெற்றியில் மூன்று திருநீற்றுக் கோடு, வேறு பொட்டு இல்லை, வகிட்டில் எதுவும் இல்லை.

அடுத்து, புருவத்திலிருந்து முடி வரை நெற்றியை மாஸ்க் போட்டுப் பூட்டினான். தானாக மாஸ்க் போடுகிற பொத்தானை நம்பவில்லை, அதற்குத் திருநீறு என்றால் தோல். கையாலேயே வரைந்தான். மற்ற இடத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்கிற அளவையும் இறக்கினான்.

```
Denoising strength: 0.3
```

முதல் பேனருக்கு அது 0.75-இல் இருந்தது. அந்த அளவு ஏற ஏற யந்திரம் கொடுத்த படத்தை மறந்து சொந்தக் கற்பனைக்குப் போகும். இறங்கினால் பழைய படத்தோடு ஒட்டி நிற்கும், பளபளப்பு குறையும். பளபளப்பு வேண்டுமா ஆயா வேண்டுமா என்று கேட்கிற இடம் அது. போன் ஆப்களில் பல இந்தத் திருகையே வெளியில் காட்டுவதில்லை, நெற்றியைப் பூட்டவும் விடுவதில்லை. ஒரு மூலையை மாற்றச் சொன்னாலும் படம் முழுவதையும் மறுபடி வரைந்து தருவதும் உண்டு. அந்த ஆப்களில் எத்தனை முறை கெஞ்சினாலும் எதிர்பார்த்தது வருவது அதிர்ஷ்டம்.

கடைசியில் பழைய படத்தின் நெற்றியை அப்படியே எடுத்து, புதுப் படத்தின் மேல் தனி லேயராக வைத்து, நிறத்தைச் சமன்செய்து ஓரத்தை இழைத்துவிட்டான். அப்புறம் பார்த்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. இரண்டு படத்தின் கண்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் படத்தைப் பாதி மங்கலாக்கி, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான். தப்பு இருந்தால் கோடு துள்ளும். மேல் கோடு ஒரு மயிரிழை துள்ளியது, இறக்கினான். தலைத்துணி இருந்திருந்தால் இதே சோதனையில் காது எங்கே மறைகிறது, முடி எங்காவது எட்டிப்பார்க்கிறதா, மடிப்பு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு ஆயாவின் மகளைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த அம்மா திரையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "நடுக்கோடு எப்பவும் கொஞ்சம் கலைஞ்சிருக்கும், வேர்வைக்கு. சரியாத்தான் இருக்கு" என்றார். எந்த மென்பொருளும் அந்தக் கலைசலைக் கண்டுபிடித்து வரைந்திருக்காது.

இதற்கெல்லாம் அரை நாள் ஆயிற்று. முதல் பேனர் பத்து நிமிஷம். அந்தக் கடை வாசலில் இப்போது விலைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. முகம் வெள்ளையாக்குதல், இலவசம். பட்டுப் புடவை, நகை, இலவசம். பின்னால் கோபுரம், இலவசம். நெற்றி உள்ளது உள்ளபடி வேண்டுமென்றால் கூடுதல் 300 ரூபாய், முன்பணமாக.